விடுப்புக் கடிதத்தில் எவ்வளவு சொல்லலாம்?

“அடுத்த மாதம் எனக்குக் கருப்பைக் கட்டியை அகற்றும் அறுவை சிகிச்சை. மூன்று வாரம் விடுப்பு வேண்டும். மேலாளர் எதற்கு என்று கட்டாயம் கேட்பார். எல்லாவற்றையும் எழுத வேண்டுமா, ‘சொந்த வேலை’ என்று போட்டுவிடலாமா?”

இரண்டும் வேண்டாம். ‘சொந்த வேலை’ என்று எழுதினால் தள்ளிப்போடக்கூடிய விஷயமாகத் தோன்றும். “அடுத்த காலாண்டில் எடுத்துக்கொள்ளுங்களேன்” என்பார். மருத்துவ விடுப்பாகப் போக வேண்டியது சாதாரண விடுப்பில் கழிந்துவிடவும் கூடும். உறுப்பின் பெயரோ நோயின் பெயரோ தெரிந்தால் அவர் செய்யப்போகிற ஏற்பாடு எதுவும் மாறப்போவதில்லை. அவருக்குத் தேவை தேதிகள், அவற்றை மாற்ற முடியுமா என்பது, உங்கள் வேலையை யார் பார்ப்பார் என்பது. ஆகவே இப்படி எழுதுங்கள்:

“மருத்துவர் ஆலோசனைப்படி, முன்பே தேதி குறிக்கப்பட்ட சிகிச்சைக்காக 4ஆம் தேதி முதல் 24ஆம் தேதி வரை மருத்துவ விடுப்பு கோருகிறேன். தேதியை மாற்ற இயலாது. குணமாவதைப் பொறுத்து ஒரு வாரம் நீளக்கூடும். 20ஆம் தேதி உறுதியாகத் தெரிவிக்கிறேன். மாதாந்திர அறிக்கையை என் சக ஊழியர் கவனிப்பார். மருத்துவச் சான்றிதழை மனிதவளப் பிரிவில் நேரடியாக அளிக்கிறேன்.”

நீளக்கூடும் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் பிறகு நீட்டிப்புக் கேட்கும்போதுதான் கேள்விகள் குடைய ஆரம்பிக்கும்.

நேரில் கேட்டால், “ஒரு சிகிச்சை சார், பயப்படும்படி ஒன்றுமில்லை. விவரங்களை எனக்குள் வைத்துக்கொள்ள விரும்புகிறேன்” என்று சொல்லிவிட்டு, உடனே வேலை ஒப்படைப்பைப் பற்றிப் பேசுங்கள். மறுபடி கேட்டாலும் அதே வாக்கியம்தான். கூடுதலாக ஒரு விவரம் கொடுத்தால் அடுத்த கேள்விக்கு அதுவே வழியாகிவிடும். தங்கை கல்யாணம் என்று பொய் மட்டும் சொல்லாதீர்கள். திரும்பி வந்தபின் பாரம் தூக்கக் கூடாது என்பதற்கு எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

ரகசியம் பெரும்பாலும் கசிவது கடிதத்திலிருந்து அல்ல, அதனுடன் இணைக்கும் தாள்களிலிருந்து. மருத்துவமனை கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர், பழைய நோய்கள், மாத்திரைகள் எல்லாம் இருக்கும். அதை விடுப்புக்குக் கொடுக்காதீர்கள். “இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணிக்குச் செல்லும் நிலையில் இல்லை” என்று மட்டும் குறிப்பிடும் சான்றிதழை மருத்துவரிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல் நிறுவனத்துக்கு வேண்டுமென்றால், எந்த விதிப்படி, யார் பார்ப்பார்கள் என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டுக்கு முழு ஆவணங்களும் தேவைப்படும். அவை காப்பீட்டுப் பிரிவுக்கு மட்டும் போகட்டும். விடுப்பு விண்ணப்பத்தின் ‘காரணம்’ கட்டம் குழு முழுவதற்கும் தெரியும்படி சில அலுவலகங்களில் இருக்கிறது. அதில் ‘மருத்துவம்’ என்ற ஒரு சொல் போதும்.

வேலைக்குத் திரும்பும்போதும் இதே அளவுதான். எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது, நீண்ட நேரம் நிற்கலாமா என்பதை மருத்துவர் எழுதித் தரட்டும். காரணம் அதில் இருக்க வேண்டியதில்லை. வாகனம் ஓட்டுவது, இயந்திரம் இயக்குவது போன்ற வேலை என்றால், மயக்கம் தரும் மாத்திரை சாப்பிடுவதை மட்டும் மறைக்காதீர்கள்.