தாமதமான பிறந்தநாள் வாழ்த்து: முதல் வரி

"தோழியின் பிறந்தநாள் முடிந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. 'சாரி, ரொம்ப லேட்' என்று ஆரம்பித்தால் சம்பிரதாயமாகத் தெரிகிறது. எப்படித் தொடங்குவது?"

முதல் வரியை அவருக்குக் கொடுங்கள், மன்னிப்பை இரண்டாவது வரிக்குத் தள்ளுங்கள். உதாரணமாக:

"புது வேலையோடு வந்த முதல் பிறந்தநாள், எப்படிப் போச்சு? அன்றைக்கே கேட்டிருக்கணும், தவறவிட்டுட்டேன், மன்னிச்சிடு. பிறந்தநாள் வாழ்த்துகள்."

மன்னிப்பில் தொடங்கும்போது பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடுகிறது. படிப்பவர் "பரவாயில்லை" என்று உங்களைத் தேற்ற வேண்டியிருக்கிறது, வாழ்த்து பின்னால் போய்விடுகிறது. வேலைப்பளு, பயணம் என்று காரணம் அடுக்கினால் இன்னும் மோசம். காரணம் உண்மையாகவே இருந்தாலும் சாக்காகத்தான் கேட்கும். தாமதத்தை ஒரே தடவை, நேராகச் சொன்னால் போதும். சொல்லாமலே விடுவதும் சரியில்லை, பிறந்தநாளையே மறந்துவிட்டீர்கள் என்று தோன்றும்.

அனுப்புவதற்கு முன் ஒன்று பாருங்கள்: முதல் வரியை அப்படியே வேறொரு நண்பருக்கு அனுப்ப முடியுமா? முடியும் என்றால் அது இன்னும் பொதுவான வரிதான். அவர் வாழ்க்கையில் இப்போது நடக்கும் ஏதாவது ஒன்றைச் சேருங்கள். பண்டிகை வாழ்த்துக்கு இது இன்னும் எளிது, "இந்தத் தடவை எல்லோரும் வந்திருந்தார்களா?" என்று கேட்டே தொடங்கலாம்.

ஆனால் அன்று அவர் உங்கள் வாழ்த்துக்காகக் காத்திருந்தார் என்று தெரிந்தால் எழுத்து போதாது. அப்போது போன் செய்து பேசுங்கள்.