கேக் டின்னில் ஒட்டாமல் வர: அடிக்குத் தாள், சுவருக்கு நெய் (கேள்வி பதில்)

அக்கா, டின் முழுக்க வெண்ணெய் தாராளமாகத் தடவுகிறேன். அப்படியும் கேக்கின் அடி பாதி டின்னிலேயே நின்றுவிடுகிறது. இன்னும் கூடுதலாகத் தடவ வேண்டுமா?

வேண்டாம், குறையுங்கள். வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அதோடு கொஞ்சம் பாலின் சத்தும் இருக்கிறது. அவனில் தண்ணீர் ஆவியாகிப் போனதும் அந்தப் பால் சத்து பழுப்பாகி, மாவிலுள்ள சர்க்கரையோடு சேர்ந்து டின்னைப் பிடித்துக்கொள்ளும். கனமாகத் தடவினால் இன்னொரு தொல்லை. வெண்ணெய் உருகிச் சுவரில் வழிந்து அடிமூலையில் தேங்கும். அந்த இடத்தில் கேக் வேகாமல் பொரியும். விளிம்பில் மட்டும் கருத்து முறுகலாக ஒரு வளையம் தெரிந்தால் காரணம் இதுதான்.

நெய் தடவுங்கள், வனஸ்பதியும் சரி. இரண்டிலும் தண்ணீரோ பால் சத்தோ இருந்து தொந்தரவு செய்யாது. பிரஷ்ஷில் மெல்லியதாகத் தடவி, டின்னை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி மினுங்க வேண்டும். மினுங்காத திட்டு இருந்தால் கேக் அங்கேதான் பிடிக்கும்.

ஆனால் அடியில் எவ்வளவு நன்றாகத் தடவினாலும் தாள் தரும் நிச்சயம் வராது. சுவரோரம் ஒட்டினால் கத்தியை விட்டுச் சுற்றி விடுவித்துவிடலாம். அடியில் கத்தி போகாது. கவிழ்க்கும்போது கேக்கின் மொத்த எடையும் அந்தப் பரப்பில்தான் தொங்குகிறது, ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம் ஒட்டியிருந்தாலும் அங்கே பிய்ந்துவிடும். அதனால்தான் அடிக்குத் தாள், சுவருக்கு நெய் என்று பிரித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

வட்டமாகத் தாள் வெட்டுவது எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. ஓரம் மேலே ஏறி நிற்கிறது. 20 செ.மீ. டின்னுக்கு எப்படி வெட்டுவது?

டின்னைத் தாளின் மேல் வைத்து வெளிப்புறமாகப் பென்சிலால் வரைந்திருப்பீர்கள். அந்தக் கோட்டில் டின் தகட்டின் தடிமனும் சேர்ந்திருக்கிறது. கோட்டுக்கு உள்ளே 2 மி.மீ. தள்ளி வெட்டுங்கள். பென்சில் கோடு விழுந்த பக்கம் கீழே இருக்கட்டும்.

வரையாமலும் வெட்டலாம். 22 செ.மீ. சதுரத் தாளை நான்காக மடியுங்கள். தாளின் நடுப்புள்ளி ஒரு மூலையாக வரும். அந்த மூலையைக் கூர்முனையாக வைத்துக்கொண்டு, முக்கோணமாக இன்னும் இரண்டு முறை மடியுங்கள். டின்னைக் கவிழ்த்து, கூர்முனையை அதன் நடுவில் வைத்து, தாள் விளிம்பைத் தொடும் இடத்துக்குச் சற்று உள்ளே வெட்டிவிட்டு விரித்தால் வட்டம் கிடைக்கும்.

வட்டம் கொஞ்சம் சிறியதாகப் போனால் கவலையில்லை, மீதி ஓரத்தை நெய் பார்த்துக்கொள்ளும். பெரிதாகத்தான் போகக் கூடாது. மேலே ஏறிய ஓரம் சுருங்கி, அந்தச் சுருக்கத்துக்குள் மாவு புகுந்து, கேக்கின் அடிவிளிம்பு முழுக்கத் தழும்பு தழும்பாக வரும்.

முதலில் அடியிலும் சுவரிலும் நெய் தடவுங்கள், பிறகு தாளைப் போடுங்கள். நடுவிலிருந்து வெளியே விரலால் நீவினால் காற்றுக்குமிழ் போய்ப் படிந்துவிடும்.

பார்ச்மென்ட் போட்டால் டின்னில் எதுவும் தடவத் தேவையில்லை என்று என் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சரிதானே?

பாதி சரி. பார்ச்மென்டில் சிலிகான் பூச்சு இருப்பதால் தாளின் மேல் எதுவும் தேவையில்லை. ஆனால் தாளுக்கு அடியில் சிறிது நெய் இல்லாவிட்டால் மாவு ஊற்றும்போது அது நகரும், அடியில் மாவு புகும். சுவரிலோ தாளே இல்லை, அங்கே கட்டாயம் தடவ வேண்டும்.

அப்புறம், உங்கள் தங்கை வைத்திருப்பது உண்மையிலேயே பார்ச்மென்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். பட்டர் பேப்பர் என்ற பெயரில் பூச்சில்லாத தாளும் வருகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பூச்சுள்ள தாளில் முத்தாக நிற்கும். பூச்சில்லாததில் சிறிது நேரத்தில் ஊறி அந்த இடம் நெளியும். அந்தத் தாள் என்றால் மேலேயும் மெல்லிய பூச்சாக நெய் வேண்டும்.

மெழுகுத் தாள் போடலாமா?

கூடாது. சூட்டில் மெழுகு உருகும், புகையும்.

நீங்கள் சொல்வது போலத்தான் ஷிஃபான் கேக்குக்குச் சுவரெல்லாம் நெய் தடவினேன். அழகாக எழும்பி, ஆறும்போது பாதியாக இறங்கிவிட்டது. தாள் போடாததாலா?

தாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேலே சொன்னதெல்லாம் வெண்ணெய் கேக், எண்ணெய் கேக் மாதிரியானவற்றுக்கு. ஷிஃபான் மாவு சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது, ஆறும்வரை அந்தப் பிடியில்தான் நிற்கிறது. நெய் தடவினால் பிடி போய்விடும். ஒட்டாத பூச்சுள்ள டின்னும் இதற்கு ஆகாது. தடவாத டின்னில் சுட்டு, தலைகீழாகக் கவிழ்த்து முழுக்க ஆறவிட்டு, மெல்லிய கத்தியால் சுற்றி விடுவியுங்கள்.

நான் எண்ணெய், வனஸ்பதி, மைதா மூன்றையும் சம அளவில் குழைத்துப் பாட்டிலில் வைத்திருக்கிறேன். மடிப்பு மடிப்பான பண்ட் டின்னில்கூட ஒட்டியதில்லை. சாதாரண வட்ட டின்னுக்கும் மாவு அவசியமா?

பண்ட் டின்னில் தாள் போட வழியில்லை, அதற்கு உங்கள் குழைவைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது. பிரஷ்ஷை ஒவ்வொரு மடிப்பின் ஆழத்துக்கும் கொண்டுபோக வேண்டும். மாவு ஊற்றுவதற்குச் சற்றுமுன் தடவுவது நல்லது, முன்கூட்டியே தடவினால் வழிந்து இறங்கிவிடும்.

வட்ட டின்னைப் பற்றிக் கேட்டால் ஒருமித்த பதில் கிடையாது. பூச்சில்லாத அலுமினிய டின் என்றால் நான் நெய்யின் மேல் மைதா தூவி, கவிழ்த்துத் தட்டி மிச்சத்தை உதறிவிடுவேன். மாவு நெய்யை வழியவிடாமல் பிடித்துவைக்கும். நெய் மட்டுமே போதும் என்பவர்களின் கேக்கும் சுத்தமாகத்தான் வருகிறது. சாக்லேட் கேக்கில் மைதா வெள்ளைத் திட்டாகத் தெரியும், அதற்குக் கோகோ தூவுங்கள்.

தாள், நெய் எல்லாம் சரியாகப் போட்டு இரவில் சுட்டேன். டின்னிலேயே விட்டுவிட்டேன். காலையில் அசைய மறுக்கிறது. இப்போது என்ன செய்வது?

சுவரில் தடவிய நெய் ஆறி உறைந்து இப்போது பசையாகிவிட்டது, சர்க்கரையும் இறுகியிருக்கும். அடுப்பை மிகச் சிறிய தீயில் வைத்து, டின்னின் அடியையும் பக்கங்களையும் அதன்மேல் நகர்த்தி நகர்த்தி அரை நிமிடம் காட்டுங்கள். உறைந்தது இளகினால் போதும், கேக் சூடாக வேண்டியதில்லை. மெல்லிய கத்தியை டின் பக்கமாக அழுத்தியபடி ஒரே வீச்சில் சுற்றுங்கள். நிறுத்தி நிறுத்திக் குத்தினால் கேக்கில்தான் இறங்கும். பிறகு தட்டை மேலே வைத்துக் கவிழ்த்து ஒருமுறை தட்டினால் இறங்கிவிடும்.

அடுத்தமுறை அவனிலிருந்து எடுத்து 10 முதல் 15 நிமிடத்துக்குள் கவிழ்த்துவிடுங்கள். அதற்குமுன் கவிழ்த்தால் உள்ளே இன்னும் இறுகாமல் உடையும். ரொம்ப நேரம் விட்டால் ஆவி தண்ணீராகிச் சுவரோரம் நசநசக்கும். கனமான பழக் கேக் மட்டும் விதிவிலக்கு. அதற்குச் சுவரிலும் தாள் போட்டிருப்போம், டின்னிலேயே முழுக்க ஆறலாம்.

கவிழ்த்ததும் அடித்தாளை மேல்நோக்கி இழுக்காதீர்கள், கேக்கின் தோல் கூடவே வரும். தாளின் ஓரத்தைப் பிடித்து, கேக்கின் மேலேயே மடித்தாற்போல எதிர்ப்பக்கம் நோக்கி மெதுவாக உரியுங்கள்.