ஐம்பது ஆய்வு இருக்கிறது, ஒப்பீடு எங்கே?

கேள்வி: சுய உதவிக் குழுக் கடனால் பெண்களின் நிலை உயர்ந்ததா என்று பிஎச்.டி. செய்கிறேன். இரண்டாம் அத்தியாயத்தில் ஐம்பது ஆய்வுகளை வருட வரிசைப்படி, ஒன்றுக்கு ஒரு பத்தி வீதம் எழுதினேன். "இது பட்டியல்மா, ரிவ்யூ இல்லை, ஒப்பிட்டு எழுது" என்று கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கிருந்து தொடங்க?

பதில்: எழுதி வைத்த பத்திகளை வெட்டி ஒட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பத்தியும் ஓர் ஆய்வாளரின் பெயரில் தொடங்கி அவருடைய முடிவோடு முடியும்வரை, எப்படி இடம் மாற்றினாலும் அது பட்டியல்தான். அந்த ஃபைலை மூடிவிட்டு எக்செல்லைத் திறங்கள். ஓர் ஆய்வுக்கு ஒரு வரிசை. எந்த வகைக் கடன், எங்கே எப்போது, எதை அளந்தார்கள், எப்படிக் கண்டுபிடித்தார்கள், என்ன கிடைத்தது என்று ஐந்து கட்டங்கள் போதும். சுருக்கவுரையை மட்டும் வாசித்து மூன்றாவதையும் நான்காவதையும் நிரப்ப முடியாது, ஆய்வுமுறைப் பகுதியையும் அட்டவணைகளையும் பார்த்தே ஆக வேண்டும். அதிக நேரம் பிடிப்பது இந்த வேலைதான்.

நிரப்பியதும் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள், யாரோடு யார் முரண்படுகிறார்கள் என்று. உங்கள் தலைப்பிலேயே அருமையான முரண் ஒன்று இருக்கிறது. 1996-இல் ஒரே ஆண்டில், ஒரே இதழில், வங்கதேசக் கிராமக் கடனைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வந்தன. கோட்ஸும் சென்குப்தாவும், பெண் பெயரில் வாங்கிய கடனில் பெரும்பகுதியை வீட்டு ஆண்களே கையாள்கிறார்கள் என்றார்கள். ஹாஷெமி, ஷூலர், ரைலி மூவரும் கிராமீன் வங்கி, பிராக் தொண்டு நிறுவனம் ஆகியவற்றின் கடன் பெண்களுக்கு வலுச் சேர்க்கிறது என்றார்கள். வருட வரிசையில் எழுதினால் இவை இரண்டு தனிப் பத்திகள், அவ்வளவுதான். உங்கள் ஷீட்டின் மூன்றாவது கட்டத்தைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். முதல் தரப்பு அளந்தது, கடன் பணம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை. இரண்டாம் தரப்பு வெளியே போய்வரும் சுதந்திரம், பொருள் வாங்கும் உரிமை, வீட்டு முடிவில் பங்கு, சட்ட அறிவு என்று பலவற்றைப் பார்த்தது. கணவர் கையில் பணம் போன வீட்டிலேயே மனைவியின் பேச்சுக்கு மதிப்பு கூடியிருக்கலாம், ஆகவே இரண்டு முடிவும் சேர்ந்தே உண்மையாக இருக்க இடமுண்டு. 2001-இல் நைலா கபீர் இந்த முரணையே கேள்வியாக எடுத்து, கடன் வாங்கியவர்களின் சொந்த வார்த்தைகளிலிருந்து பதில் தேடினார்.

இப்போது பத்தியை இப்படித் தொடங்கலாம்: "கடன் பெண்களுக்கு வலுச் சேர்க்கிறதா என்ற கேள்விக்கு வந்த பதில்கள், எதை வலு என்று அளந்தார்கள் என்பதைப் பொறுத்தே பிரிகின்றன. பணத்தின் கட்டுப்பாட்டை அளந்தவர்கள் (கோட்ஸ், சென்குப்தா 1996) ஐயம் தெரிவிக்க, அன்றாட வாழ்வின் பல பக்கங்களை அளந்தவர்கள் (ஹாஷெமி முதலியோர் 1996) முன்னேற்றத்தைக் காண்கிறார்கள்." ஆய்வாளர் பெயர் அடைப்புக்குறிக்குள் போய்விட்டது, வாக்கியத்தின் எழுவாயாகக் கருத்து வந்துவிட்டது. இப்படி முரணை விளக்கும் கட்டம் எதுவோ அதுதான் உங்கள் உட்தலைப்பு.

எல்லா முரணையும் அளவீடு விளக்கிவிடாது. பானர்ஜி, டுஃப்லோ குழு ஹைதராபாத்தில் 104 குடியிருப்புகளை எடுத்து, அதில் பாதியில் மட்டும், குலுக்கல் முறையில், கடன் நிறுவனக் கிளை திறக்கச் செய்து ஒப்பிட்டது. 2015-இல் வெளியான முடிவில், வீட்டு முடிவுகளில் பெண்களின் பங்கு குறிப்பிடும்படி மாறவில்லை. இங்கே முக்கியம் நான்காவது கட்டம். கடன் வாங்க முன்வரும் பெண்கள் முதலிலிருந்தே கொஞ்சம் துணிச்சலானவர்களாக இருக்கலாம், அதனால் வாங்கியவரையும் வாங்காதவரையும் நேராக ஒப்பிட்டால் கடன் செய்யாத வேலைக்கும் கடனுக்குப் பெயர் போய்விடும். குலுக்கல் அதைத் தடுக்கிறது. ஆனால் அந்த ஆய்வு ஒரு நகரத்தில், சில ஆண்டுகளுக்குள் தெரிந்த மாற்றத்தைத்தான் சொல்கிறது, அதையும் எழுதுங்கள்.

நம் பல்கலைக்கழகங்களில் பழகிப்போன "வெளிநாட்டு ஆய்வுகள், இந்திய ஆய்வுகள், தமிழக ஆய்வுகள்" என்ற பிரிவை விட்டுவிடுங்கள். அது இடத்தைச் சொல்லுமே தவிர முடிவு ஏன் மாறியது என்று சொல்லாது. "பொருளாதாரம், சமூகம்" என்று தலைப்பு போட்டு உள்ளே மறுபடி ஒவ்வொருவராக வரிசைப்படுத்துவதும் அதே கதைதான். ஒரு பிரிவுக்குள் இரண்டு பத்திகளை இடம் மாற்றிப் பாருங்கள். எதுவும் குலையவில்லை என்றால் இன்னும் ஒப்பிடவில்லை. எந்தக் குழுவிலும் சேராத ஆய்வு இருந்தால் வலிந்து திணிக்காமல், அது ஏன் சேரவில்லை என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஐம்பதுக்கும் சம இடம் வேண்டாம், ஒரே முடிவைச் சொல்லும் ஏழெட்டு ஆய்வுகளை ஒரே அடைப்புக்குறிக்குள் வைக்கலாம்.

அப்புறம் முதல் கட்டத்தை மறந்துவிடாதீர்கள். மேலே சொன்ன நான்கு ஆய்வுகளிலும் கடனை முடிவு செய்து கொடுப்பது வெளியிலிருக்கும் நிறுவனம். 1992-இல் நபார்டு தொடங்கிய வங்கி இணைப்பில் வந்த நம் குழுக்கள் முதலில் தாங்களே சேமிக்கின்றன, வங்கி குழுவுக்குக் கடன் கொடுக்கிறது, யாருக்கு எவ்வளவு என்று குழுவே கூடித் தீர்மானிக்கிறது. வங்கதேச முடிவை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியுமா என்பது திறந்த கேள்வி. உங்கள் ஐம்பதில் இந்த வேறுபாட்டை எத்தனை ஆய்வுகள் கவனித்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். குறைவு என்றால் அத்தியாயத்தின் கடைசிப் பகுதி அதுதான், உங்கள் கள ஆய்வுக்கான காரணமும் அங்கிருந்தே வரும்.