வாரத்தில் ஒரு நாள் குடித்தேன், ஆறு மாதச் சிகிச்சை ஒன்பது மாதமானது

கேள்வி: காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை சாப்பிடுகிறேன். மாத்திரை காலையில்தான், வாரத்தில் ஒரு நாள் இரவு மட்டும் குடித்தால் கல்லீரலுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

இந்தக் காலை, இரவுக் கணக்கை நானும் போட்டவன். நான் மருத்துவன் அல்லன். குடித்தும் ஒன்றும் ஆகாமல் தப்பியவர்களும் உண்டு என்று சிலர் சொல்லக்கூடும், அதை மறுக்கவில்லை. என் கல்லீரல் தப்பவில்லை.

முதல் 2 மாதங்களில் தரப்படும் நான்கு மருந்துகளில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. தொடர்ந்து மது அருந்தும்போது கல்லீரலில் ஒரு நொதி பெருகுகிறது. ஐசோனியாசிட் சிதையும்போது நச்சுத்தன்மையுள்ள பொருட்கள் உருவாவதில் அந்த நொதிக்கும் பங்குண்டு. குடித்த மயக்கம் தெளிந்த பிறகும் அந்தப் பெருக்கம் சில நாட்கள் நீடிக்கும் என்பதால், மாத்திரைக்கும் மதுவுக்கும் நடுவே எத்தனை மணி நேரம் விட்டாலும் பாதுகாப்பாகிவிடாது.

ஏழாவது வாரத்தில் எனக்குப் பசி அற்றுப்போனது. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. சிறுநீர் கருத்தபோதும் நான் அஞ்சவில்லை, ஏனெனில் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த ஆரஞ்சு நிறம் முதல் சில நாட்களிலேயே தோன்றும், அதனால் கெடுதல் இல்லை; எனக்கு வந்ததோ வாரங்கள் கழித்துக் கடுங்காப்பி போன்ற பழுப்பு நிறம். கண்ணின் வெண்மை மஞ்சளான பிறகே மருத்துவமனைக்குப் போனேன். இரத்தத்தில் 40 வரை இருக்க வேண்டிய, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதியின் அளவு 312 ஆக இருந்தது. குமட்டல், மஞ்சள் காமாலை போன்ற அறிகுறிகள் இருந்தால் மூன்று மடங்கிலும், அறிகுறி இல்லாவிட்டாலும் ஐந்து மடங்கிலும் மருந்தை நிறுத்துவார்கள். எனக்கு அது ஏறத்தாழ எட்டு மடங்கு.

எல்லா மாத்திரைகளையும் நிறுத்தினார்கள். அளவு இறங்க மூன்று வாரங்களுக்கு மேல் ஆயிற்று. பின்னர் முதலில் ரிஃபாம்பிசினையும், சில நாட்கள் கழித்து, இரத்தப் பரிசோதனை செய்த பிறகு ஐசோனியாசிடையும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தந்தார்கள். பைரசினமைடை மீண்டும் தரவில்லை. சிகிச்சையை ஆறு மாதத்தில் முடிக்க உதவுவதே அந்த மருந்துதான். அது போனதால் எனக்கு ஒன்பது மாதங்கள் தேவைப்பட்டன.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: குடித்த நாட்களில் பயந்துகொண்டு மாத்திரையை விட்டுவிடுவேன். அது கல்லீரலைக் காக்கவில்லை. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி வளர இடம் கிடைக்கும் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. தொடக்கத்திலேயே இதை யாரும் விளக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. "குடிக்கக் கூடாது" என்ற ஒரே வரியுடன் அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் வாரம் ஒரு நாள் என்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், உண்மையில் மூன்று நாட்கள். உங்கள் கணக்கும் அப்படியென்றால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம். அதற்கு மருந்து தந்து நிறுத்த வைப்பார்கள்.