'அதிகாரம் பெற்ற தொடர்ச்சி': யார் கொடுத்த அதிகாரம்?

கேள்வி: "மார்கரெட் மிட்சலின் 'கான் வித் த விண்ட்' நாவலைப் போன மாதம் படித்து முடித்தேன். ரெட் பட்லர் திரும்பி வந்தானா, இல்லையா என்று தெரியாமல் மனசு ஆறவில்லை. இதற்கு இரண்டு மூன்று தொடர்ச்சிகள் இருக்கின்றனவாம். பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர், 'குடும்பத்தாரே அனுமதி கொடுத்தது, இதுதான் உண்மையான முடிவு' என்று சொல்லி, ஒரு தொகுப்புக்கு இரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? எதை நம்பிப் படிப்பது?"

பதில்: அந்தத் தொகுப்பை வாங்க வேண்டாம். தொடர்ச்சிகளைப் படிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'உண்மையான முடிவு' என்ற பெயரில் உங்களிடம் விற்கப்படும் பொருள் உலகத்தில் இல்லை என்பதால் சொல்கிறேன்.

'அதிகாரம் பெற்ற' என்ற சொல்லுக்குப் பதிப்புத் தொழிலில் ஒரே பொருள்தான் உண்டு. மூல நாவலின் உரிமை யார் கையில் இருக்கிறதோ, அவர் சம்மதித்திருக்கிறார் என்பது மட்டுமே அது. எழுதியவர் மனத்தில் இருந்த முடிவு அதில் இருக்கிறது என்றோ, புத்தகம் நன்றாக இருக்கிறது என்றோ அந்தச் சொல் உறுதி சொல்வதில்லை. மிட்சல் 1936-இல் நாவலை வெளியிட்டார். தொடர்ச்சி கேட்டவர்களுக்கெல்லாம் மறுத்துக்கொண்டே இருந்துவிட்டு, 1949-இல் அட்லாண்டாவில் கார் மோதி இறந்துபோனார். அவருக்குப் பின் உரிமை முதலில் கணவரிடமும், பிறகு சகோதரரிடமும், அதன்பின் சகோதரரின் வாரிசுகளிடமும் போனது. ஆகவே நீங்கள் கேள்விப்படும் 'குடும்பத்தாரின் அனுமதி' என்பது, வேண்டாம் என்று சொன்ன ஒருவரின் சொத்தைப் பின்னால் வந்தவர்கள் குத்தகைக்கு விட்ட கதைதான். சட்டப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதைப் புனிதமான முத்திரையாக நினைத்துக்கொண்டு அதற்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

இந்த முத்திரை எவ்வளவு பெறும் என்பதை அதே குடும்பம் அனுமதித்த இரண்டு புத்தகங்களே காட்டிவிடுகின்றன. முதலாவது, அலெக்ஸாண்ட்ரா ரிப்ளி எழுதி 1991-இல் வந்த 'ஸ்கார்லெட்'. அதில் ரெட், நாவலின் நாயகியும் தன் மனைவியுமான ஸ்கார்லெட்டை விவாகரத்து செய்துவிட்டு வேறொரு பெண்ணை மணக்கிறான். ஸ்கார்லெட் அயர்லாந்துக்குப் போய், அவனுடைய குழந்தையைப் பெற்று வளர்க்கிறாள். கடைசியில் இருவரும் சேர்கிறார்கள். இரண்டாவது, டொனால்ட் மெக்கெய்க் எழுதி 2007-இல் வந்த 'ரெட் பட்லர்ஸ் பீப்பிள்'. அது ரெட்டின் பக்கமிருந்து கதையைச் சொல்கிறது. அயர்லாந்து, விவாகரத்து, அந்தக் குழந்தை ஆகிய எதுவும் நடக்காதது போலவே அது தன் வழியில் போகிறது. ஒரே வாரிசுகள், ஒரே அனுமதி, ஒன்றையொன்று அடித்துப்போடும் இரண்டு முடிவுகள். உங்கள் கடைக்காரர் இதில் எதை உண்மை என்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். தொகுப்பில் இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது.

அனுமதி என்பது சில சமயம் எதை எழுதக் கூடாது என்பதையும் தீர்மானிக்கிறது. பேட் கான்ராய் என்ற புகழ்பெற்ற அமெரிக்கத் தென்மாநில நாவலாசிரியர் 1990-களில் ஒரு தொடர்ச்சி எழுதுவதற்குப் பேச்சு நடத்தினார். இனக்கலப்பும் ஒருபாலின உறவும் கதையில் வரக் கூடாது என்று தம்மிடம் கேட்கப்பட்டதாக அவர் வெளிப்படையாகவே சொன்னார். அந்த ஒப்பந்தம் நிறைவேறவில்லை. பிரிட்டிஷ் எழுத்தாளர் எம்மா டென்னன்ட்டை அமர்த்தி எழுதச் சொல்லி, எழுதி முடித்த பிறகு அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். அதாவது நம் கைக்கு வந்திருப்பவை, பலவற்றை வடிகட்டி எஞ்சியவை.

இனி, எப்படி மதிப்பிடுவது என்பதற்கு வருகிறேன். மிட்சல் இந்த நாவலின் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் எழுதினார். ஆகவே ரெட் போய்விடுவது என்பது பாதியில் நிறுத்தப்பட்ட கதை அல்ல. முழு நாவலும் அந்த இடத்தை நோக்கியே கட்டப்பட்டது. அந்தக் கடைசி வரியில், நாளை என்பது இன்னொரு நாள் என்று ஸ்கார்லெட் நினைக்கிறாள் அல்லவா? அதை நம்பிக்கையின் வாக்காகப் படித்தவர்கள்தான் தொடர்ச்சி தேடி அலைகிறார்கள். புத்தகத்தை மறுபடி புரட்டிப் பாருங்கள். தாங்க முடியாத ஒன்று வரும்போதெல்லாம், 'இதை நாளைக்கு யோசித்துக்கொள்ளலாம்' என்று அவள் அதைத் தள்ளிப்போட்டபடியே வந்திருக்கிறாள். கடைசி வரியும் அதே பழக்கம்தான். அவள் தேறிவிட்டாள் என்பதற்கு அது சான்றாகாது. மாறவில்லை என்பதற்கும் சான்றாகலாம். இந்த இரட்டைத்தன்மையை எந்தத் தொடர்ச்சி கைவிடுகிறதோ, அது மூலத்தின் நரம்பை அறுத்துவிட்டது என்று பொருள்.

நான் கையாளும் அடுத்த சோதனையை 'முந்நூறு டாலர் சோதனை' என்று எனக்குள் அழைத்துக்கொள்வேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின் ஸ்கார்லெட்டின் பிறந்த வீடான டாரா பண்ணைக்கு 300 டாலர் வரி வந்து விழுகிறது. ஸ்கார்லெட் வீட்டின் பச்சை வெல்வெட் திரைச்சீலையைக் கழற்றி உடையாகத் தைத்துக்கொண்டு, அட்லாண்டாவில் காவலில் இருக்கும் ரெட்டிடம் போய், வசதியாக வாழ்பவள்போல் நடிக்கிறாள். அவன் அவளுடைய கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்க்கிறான். பருத்திக் காட்டில் உழைத்துக் காய்ப்பேறிய கை அது. நாடகம் அங்கேயே முடிந்துபோகிறது. பணம் கிடைக்காமல், தன் தங்கையை மணக்கவிருந்த ஃபிராங்க் கென்னடியையே அவள் மணந்துகொள்கிறாள். இந்த நாவலில் காதலுக்கும் மானத்துக்கும் டாலரில் விலை உண்டு. விலை தெரிந்துதான் ஒவ்வொருவரும் நடக்கிறார்கள். ரிப்ளியின் புத்தகத்தில் ஸ்கார்லெட்டுக்குப் பணத் தட்டுப்பாடே கிடையாது. அயர்லாந்தில் பெரிய நிலபுலத்தையே வாங்குகிறாள். போரும் பசியும் இல்லாத இடத்தில், மூலத்தை ஓட்டிய எந்திரமும் நின்றுவிடுகிறது. பொழுதுபோக்காக வாசிக்கலாம், அவ்வளவுதான். மெக்கெய்க்கின் குறை வேறு வகையானது. மூலத்தில் ரெட்டை நாம் வெளியிலிருந்துதான் பார்க்கிறோம். ஸ்கார்லெட்டுக்கு அவனைப் படிக்கத் தெரியாததால்தான் அவன் நமக்கும் புதிராக இருக்கிறான். அவனுக்கு ஒரு பிள்ளைப்பருவமும் நியாயங்களும் கொடுத்து விளக்கிவிட்டால் புதிர் போய், நல்லவன் ஒருவன் மிஞ்சுகிறான்.

வாசகர்கள் தாமாக எழுதும் மறுகூறல்களுக்கு இதைவிட எளிய பரிசோதனை ஒன்று போதும். நாவலில் ஸ்கார்லெட்டுக்கு மூன்று குழந்தைகள்: வேட், எல்லா, பானி. 1939-இல் வந்த திரைப்படத்தில் பானி மட்டுமே இருக்கிறாள். மறுகூறலில் வேடும் எல்லாவும் காணாமல் போயிருந்தால், எழுதியவர் படம் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார் என்பது பெரும்பாலும் உறுதி. புத்தகத்தை அங்கேயே மூடிவிடலாம்.

இவை எல்லாவற்றிலிருந்தும் தனியாக நிறுத்தி யோசிக்க வேண்டிய ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். 2001-இல் ஆலிஸ் ராண்டல் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர் 'த விண்ட் டன் கான்' என்ற புத்தகத்தை எழுதினார். டாராவில் அடிமையாக இருந்து ஸ்கார்லெட்டை வளர்த்த கறுப்பினச் செவிலி மேமிக்கும் பண்ணை முதலாளிக்கும் பிறந்த சைனாரா என்ற பெண், அதாவது ஸ்கார்லெட்டின் பாதிச் சகோதரி, நாட்குறிப்பாகச் சொல்லும் கதை அது. வாரிசுகள் வழக்குத் தொடுத்தார்கள். அட்லாண்டாவின் மாவட்ட நீதிமன்றம் அந்த ஆண்டு ஏப்ரலில் வெளியீட்டுக்குத் தடை விதித்தது. மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. மூலத்தின் பாத்திரங்களையும் காட்சிகளையும் எடுத்துக்கொண்டாலும், அந்த மூலத்தையே விமர்சிப்பதற்காக எடுத்திருப்பதால் அது பகடி என்ற பாதுகாப்பைக் கோர இடமுண்டு என்பதே அதன் பார்வை. பகடி என்றால் சிரிப்பு வர வேண்டும் என்று கட்டாயமில்லை. அந்தப் புத்தகத்தில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. 2002-இல் சமரசம் ஏற்பட்டது. பதிப்பகம் ஒரு கறுப்பினக் கல்லூரிக்கு நன்கொடை கொடுத்தது. புத்தகம் 'அனுமதி பெறாத பகடி' என்ற அடையாளத்துடன் தொடர்ந்து விற்றது.

இதை எந்த அளவுகோலால் அளப்பது? மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் அது தோற்றுப்போகும். தோற்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது. கேட்க வேண்டிய கேள்வி, அது தொட்டுக்காட்டும் குருட்டுப்புள்ளி மூலத்தில் உண்மையாகவே இருக்கிறதா என்பதுதான். நீங்களே சரிபார்க்கலாம். ஆயிரம் பக்கத்தை எட்டும் அந்த நாவலில் மேமிக்கு ஒரு சொந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காது. அவளுக்கென்று ஒரு வாழ்க்கை நாவலில் இல்லை. ராண்டல் அந்த வெற்றிடத்தில் நின்று எழுதினார். நடை சில இடங்களில் தொய்வடைகிறது என்பது என் கருத்து. ஆனாலும் மூலத்தை இன்னொரு முறை வேறு கண்ணால் படிக்கவைத்த புத்தகம் இவற்றில் இது ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால், அதே வாரிசுகளின் அனுமதியோடு 2014-இல் மெக்கெய்க் எழுதிய 'ரூத்ஸ் ஜர்னி' மேமிக்கு ரூத் என்ற பெயரைச் சூட்டி, அவளுடைய கதையைச் சொல்கிறது. நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்ட கேள்வி, 13 ஆண்டுகள் கழித்து அதிகாரம் பெற்றுவிட்டது.

கடைசியாகத் தரகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்த நாவலைத் தமிழில் மறுகூற நினைக்கும் சிலர், 'அமெரிக்காவிலிருந்து அனுமதி வாங்கித் தருகிறேன்' என்பவர்களிடம் பணம் கட்டிவிட்டு என்னிடம் வருகிறார்கள். ஒருவர் காட்டிய 'அனுமதிக் கடித'த்தில் மிட்சலின் பெயரே தவறாக எழுதப்பட்டிருந்தது. அறுபதாயிரம் ரூபாய் போயிருந்தது. இந்தியாவில் பதிப்புரிமை என்பது எழுத்தாளர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். மிட்சல் 1949-இல் இறந்தார். 2009 முடிவோடு இங்கே அவருடைய நாவலுக்கு உரிமை தீர்ந்துவிட்டது. இங்கே எழுதி இங்கே விற்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலோ 2011-இல் முடிந்திருக்க வேண்டியதை, 1998-இல் சட்டத்தைத் திருத்தி இன்னும் 20 ஆண்டு நீட்டி, 2031 இறுதிவரை இழுத்துவிட்டார்கள். எழுதியவர் போய் 75 ஆண்டுக்கு மேலாகியும் அவருடைய பாத்திரங்கள் யாருடைய வாடகை வீட்டிலோ குடியிருக்கின்றன. இதைப் படைப்பாளியின் பாதுகாப்பு என்று சொல்லும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

உங்கள் கடைக்காரரின் தொகுப்பு விஷயத்திலும் இதே கணக்குத்தான். மூல நாவலுக்கு உரிமை தீர்ந்துவிட்டாலும், ரிப்ளி, மெக்கெய்க், ராண்டல் ஆகியோரின் புத்தகங்களுக்கு உரிமை உயிரோடு இருக்கிறது. மூன்றையும் ஒரே அட்டையின் கீழ்க் கட்டி யாராவது விற்றால், அது திருட்டு அச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பதிப்பகத்தின் பெயரும் ஆண்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணும் இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். ராண்டலின் புத்தகத்தை மட்டும் தனியாக, ஒழுங்கான பதிப்பாகத் தேடி வாங்குங்கள். ரெட் திரும்பி வந்தானா என்பதற்கு அதில் பதில் இருக்காது.