மூன்று நாளா, மூன்று மாதமா, மூன்று வருடமா: முதியவரின் குழப்பத்தைப் பிரித்தறிய ஒரு கேள்வி பதில்

பதில் சொல்பவர்: முதியோர் நல மருத்துவர்

பயிற்சி மருத்துவர்: 80 வயது தாத்தா சம்பந்தமில்லாமல் பேசுகிறார். எப்போதிலிருந்து என்று கேட்டால் "வயசாச்சு டாக்டர், மறதி இருக்கத்தான் செய்யுது" என்கிறார்கள். உருப்படியான பதிலை எப்படி வாங்குவது?

"மறதி எப்போதிலிருந்து?" என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். மறதியை விட்டுவிட்டு வேலையைக் கேளுங்கள். "போன ஞாயிற்றுக்கிழமை தானே குளித்தாரா? மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டாரா? போனில் யாரிடமாவது பேசினாரா?" பிறகு இதே கேள்விகளைப் போன மாதத்துக்கும், போன வருடம் இதே சமயத்துக்கும் கேளுங்கள்.

போன ஞாயிறு வரை கணக்கு வழக்கெல்லாம் பார்த்தவர் புதன்கிழமை மகனை அடையாளம் தெரியாமல் விழிக்கிறார் என்றால், வேறு ஏதோ என்று நிரூபணம் ஆகும்வரை அது உடல் கோளாறாலோ மருந்தாலோ திடீரென்று வரும் குழப்பமான டெலிரியம்தான். போன வருடமே பணம் எண்ணுவதை மகள் ஏற்றுக்கொண்டாள், அதற்கு முந்தைய வருடமே வழி தவறினார் என்று கதை பின்னோக்கி நீண்டுகொண்டே போனால், மெல்ல முற்றும் மறதி நோயான டிமென்ஷியாவை நினையுங்கள். மனச்சோர்வில் பெரும்பாலும் ஒரு மாதத்தைச் சொல்லிவிடுவார்கள்: "பொங்கலுக்கு நன்றாக இருந்தார், அதன் பிறகு எதிலும் பிடிப்பில்லை" என்பார்கள்.

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். மாதம் ஒருமுறை வந்து போகும் மகனுக்கு நேற்றும் இன்றும் தெரியாது. கூடவே இருப்பவரிடம், குறிப்பாக இரவில் பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள். "காலையில் தெளிவாக இருந்தார், விளக்கு வைத்த பிறகு ஆளே மாறிவிட்டார்" என்ற தகவல் அவரிடமிருந்துதான் கிடைக்கும். சொல்ல ஆளே இல்லாவிட்டால் புதிதாக வந்ததாகவே எடுத்துக்கொண்டு காரணம் தேடுங்கள். பழைய டிமென்ஷியா என்று நினைத்துத் தவறினால் நோயாளிக்கு ஆபத்து. மறுபக்கம் தவறினால் சில பரிசோதனைகள் வீண், அவ்வளவுதான்.

வார்டு செவிலியர்: டெலிரியம் என்றால் கத்துவார்கள், ஊசியைப் பிடுங்குவார்கள். எங்கள் பாட்டி அப்படியில்லை. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். சாப்பாடு வேண்டாம் என்கிறார், கண்ணை மூடியே கிடக்கிறார். மனச்சோர்வுதானே? மனநல மருத்துவருக்கு எழுதியிருக்கிறோம்.

கத்துவதும் பிடுங்குவதும் டெலிரியம்தான், ஆனால் அது ஒரு பாதி. சத்தமே இல்லாத இன்னொரு பாதி முதியவர்களிடம் சர்வ சாதாரணம். தொந்தரவு தராத நோயாளி என்பதால் அதுதான் அதிகம் தவறவிடப்படுகிறது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர் எப்படிப் பேசினார் என்று வீட்டாரிடம் கேளுங்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் என்றால், மூன்றே நாளில் ஒருவரை இப்படிச் சாய்ப்பது மனச்சோர்வின் போக்கு அல்ல.

அடுத்து, படுக்கை அருகில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளைத் தொடுங்கள். கண் விழித்துப் பத்து விநாடிக்குள் முழு விழிப்புக்கு வந்து பேசுகிறாரா, அல்லது பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபடி சொக்கிப்போகிறாரா? சொக்கினால் அதுவே பெரிய தடயம். ஃபோர்-ஏ-டி என்ற மதிப்பீட்டில் அதற்கு மட்டுமே 4 மதிப்பெண். மொத்தம் 4 வந்தாலே டெலிரியத்தைச் சந்தேகிக்கச் சொல்கிறது அந்த முறை.

விழித்திருந்தால் வாரத்தின் நாட்களைச் சனியிலிருந்து தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள். மனச்சோர்வில் இருப்பவர் நீண்ட நேரம் எடுத்துக்கொள்வார், "என்னை விடும்மா" என்பார். ஆனால் தட்டிக்கொடுத்துக் கேட்டால் பிடித்த இழையை விடாமல் கடைசிவரை வந்துவிடுவார். டெலிரியத்தில் இழையே அறுந்துபோகும். "சனி, வெள்ளி" என்று தொடங்கி, திரைச்சீலையைப் பார்த்து வேறு ஏதோ பேசுவார், அல்லது "சனி, ஞாயிறு, திங்கள்" என்று நேராகப் போய்விடுவார்.

மனநல மருத்துவர் வரட்டும், அதில் தவறில்லை. அவர் வரும்வரை காத்திருக்காமல் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், கடைசியாக எப்போது மலம் கழித்தார் என்று பாருங்கள், ஆக்சிஜன் அளவையும் சர்க்கரையையும் பாருங்கள், மருந்துச் சீட்டை எடுத்து நேற்று இரவு என்ன கொடுக்கப்பட்டது என்று படியுங்கள்.

பிசியோதெரபிஸ்ட்: பள்ளிக்கூடம் போகாதவர், காதும் மந்தம். அவரிடம் நாட்களைத் தலைகீழாகக் கேட்பது நியாயமா?

முதலில் காது கருவியும் கண்ணாடியும் போடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பாதிப் "குழப்பம்" அங்கேயே தெளிந்துவிடும். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, "நான் 'ஆ' என்று சொல்லும்போது மட்டும் கையை அழுத்துங்கள்" என்று சொல்லி, இடையிடையே 'ஆ' வரும்படி பத்து எழுத்துகளை நிதானமாகச் சொல்லுங்கள். அழுத்த வேண்டிய இடத்தில் விடுவதும் வேண்டாத இடத்தில் அழுத்துவதும் சேர்ந்து இரண்டுக்கு மேல் போனால் கவனம் நிற்கவில்லை என்று அர்த்தம். இதற்குப் படிப்பு தேவையில்லை.

வார்டு செவிலியர்: நீங்கள் சொன்னபடி பார்த்தேன் டாக்டர். "சனி, வெள்ளி" சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். அடிவயிறு உப்பி இறுக்கமாக இருந்தது. குழாய் போட்டதும் 900 மில்லி சிறுநீர் வந்தது. தூக்கத்துக்காக ஃபெனிரமின் என்ற ஒவ்வாமை ஊசி இரண்டு இரவு போயிருக்கிறது. மதியம் மகளிடம் தெளிவாகப் பேசினார். சரியாகிவிட்டது என்று எழுதலாமா?

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் இன்னும் எழுதாதீர்கள். ஒரு மதியத் தெளிவு குணமாகவும் இருக்கலாம், டெலிரியத்தின் வழக்கமான ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம். இன்றிரவும் நாளைக் காலையும் அதே கையழுத்தும் சோதனையைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

ஃபெனிரமின் போன்ற மருந்துகள் மூளையைக் குழப்புவதோடு சிறுநீர்ப் பையையும் குடலையும் மந்தமாக்கும். ஆக அந்த ஊசியும் 900 மில்லியும் ஒரே கதையின் இரண்டு பக்கங்களாக இருக்கலாம். அதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று தேடலை நிறுத்திவிடுவது நாம் அடிக்கடி செய்யும் பிழை. எலும்பு முறிந்த முதியவரிடம் பல காரணங்கள் சேர்ந்தே இருக்கும். வலிக்கு மருந்து தவறாமல் போகிறதா, ரத்தத்தில் சோடியம் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு இறங்கியது, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதா என்பவற்றையும் கேளுங்கள். குழாயையும் தேவைக்கு மேல் ஒரு நாள்கூட வைக்க வேண்டாம், அதுவே அடுத்த டெலிரியத்துக்கு வழி. எல்லாம் சரிசெய்தாலும் முழுத் தெளிவுக்குச் சில வாரங்கள் ஆகலாம் என்று மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மனநல முதுநிலை மாணவர்: லூயி பாடி என்ற வகை டிமென்ஷியாவிலும் கவனம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும், இல்லாத ஆட்கள் தெரிவார்கள். அப்படியிருக்க, கவனக்குறைவை வைத்து டெலிரியம் என்பது எவ்வளவு தூரம் நிற்கும்?

நல்ல இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். முழுதாக நிற்காது. அங்கே மறுபடியும் தொடக்கத்துக்குத்தான் போக வேண்டும். காட்சிகள் பல மாதங்களாக வருகின்றனவா? நடை இறுகியிருக்கிறதா? பல வருடங்களுக்கு முன்பே தூக்கத்தில் கைகால் வீசி, கனவில் சண்டை போட்டதுண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை மனைவியிடம் கேளுங்கள், நோயாளிக்கே தெரிந்திருக்காது.

இவை இருந்தாலும், "வழக்கமான ஏற்ற இறக்கத்தைவிட இது வேறு" என்று வீட்டார் சொன்னால் டெலிரியமாகவே தேடுங்கள், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வரும். முற்றிய டிமென்ஷியாவில் கவனச் சோதனை எல்லோரிடமும் தோற்கும், ஆகவே அது எதையும் பிரித்துக் காட்டாது. அங்கே விழிப்பு நிலையும் வீட்டார் ஒப்பீடும்தான் மிச்சம். சில சமயம் முதல் சந்திப்பில் பிரிக்கவே முடியாது. இரண்டையும் எழுதிவைத்து, உடல்நிலை தேறிய பிறகு திரும்பப் பார்ப்பதுதான் நேர்மை. லூயி பாடி என்ற சந்தேகம் சிறிதளவு இருந்தாலும், கத்தலை அடக்கக் கொடுக்கும் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து வேண்டாம். கடுமையாக இறுகிப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒரு மகள்: அம்மாவுக்கு 74. அப்பா போய் ஏழு மாதம். "எனக்கு எல்லாம் மறந்துபோகுது" என்று அவரே புலம்புகிறார். அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு. டிமென்ஷியா தொடங்கிவிட்டதா?

நீங்கள் சொன்னதில் மூன்று விஷயங்கள் மனச்சோர்வின் பக்கம் சாய்கின்றன: தொடங்கிய மாதம் தெரிகிறது, மறதியைப் பற்றி அவரே வருந்துகிறார், விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரின் தொடக்கத்தில் பெரும்பாலும் குடும்பம்தான் புகார் சொல்லும். நோயாளி "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்.

பதில் வரும் விதமும் வேறு. மனச்சோர்வில் "தெரியலை" என்று முயற்சிக்கும் முன்பே கைவிடுவார்கள், "முதல் எழுத்து இது" என்று குறிப்புக் கொடுத்தால் நினைவு வந்துவிடும். அல்சைமரில் முயன்று தவறாகச் சொல்வார்கள், குறிப்பும் உதவாது. இருந்தாலும் இதை வைத்து நீங்களே தீர்ப்பெழுத வேண்டாம். முதுமையில் முதன்முறையாக வரும் மனச்சோர்வு, சிலருக்கு டிமென்ஷியாவின் முன்னோடியாகவும் இருக்கிறது. மருத்துவரிடம் காட்டித் தைராய்டு, பி12 பார்த்து, மனச்சோர்வுக்குச் சிகிச்சை தொடங்கி, மனம் தேறிய பிறகு ஞாபகத்தைத் திரும்பச் சோதிக்க வேண்டும். அப்போதும் ஞாபகம் தேறாவிட்டால்தான் அடுத்த கட்டம்.

ஒன்றை மட்டும் இன்றே செய்யுங்கள். "வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா அம்மா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் இன்றே அழைத்துப் போங்கள்.

ஒரு மகன்: அப்பாவுக்கு ஐந்து வருடமாக டிமென்ஷியா. ராத்திரி கத்துகிறார். எந்தத் தூக்க மாத்திரை நல்லது சார்? யூரின் டெஸ்டில் கிருமி வந்திருக்கிறது, ஆன்டிபயாடிக் கேட்டிருக்கிறேன்.

மாத்திரைக்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள்: கத்துவது ஐந்து வருடமாகவா, இந்த வாரமா?

மகன்: போன வியாழக்கிழமையிலிருந்து. அதற்கு முன் சாதுவாகத்தான் இருந்தார்.

அப்படியென்றால் கத்தலை டிமென்ஷியாவின் கணக்கில் எழுத முடியாது. புதிதாக ஏதோ நடந்திருக்கிறது. தூக்க மாத்திரை டெலிரியத்தை மோசமாக்கும், விழவும் வைக்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு: தினமும் குடித்தவரோ, வருடக்கணக்காகத் தூக்க மாத்திரை போட்டவரோ திடீரென்று நிறுத்தியிருந்தால், அந்த விலகலுக்கே மருத்துவமனையில் வைத்து அந்த வகை மருந்து கொடுப்பார்கள். நிறுத்தியதுண்டா என்று யோசித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிறுநீரில் கிருமி, எந்த நோயும் இல்லாத முதியவர்கள் பலருக்கும் இருக்கும். காய்ச்சல், சிறுநீர் போகும்போது வலி, புதிதாக அடக்க முடியாமை இவை எதுவுமில்லாமல் அதையே காரணம் என்று நினைத்தால் உண்மையான காரணம் தப்பிவிடும். கடந்த சில வாரங்களில் விழுந்தாரா, தலையில் அடிபட்டதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் சொல்லுங்கள். மண்டைக்குள் மெதுவாகக் கசிந்து தேங்கும் ரத்தம் டெலிரியம், டிமென்ஷியா, மனச்சோர்வு மூன்றையும் போல வேடம் போடும், சில வாரங்கள் கழித்தும் வெளிப்படும். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். நாளை வரை பொறுக்க வேண்டாம், இன்றே கூட்டிப்போங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் வாங்கிய சளி மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.