சுருக்கம் மட்டும் போதாது: துன்புறுத்தல் தடுப்பு ஆய்வுகளுக்குக் குறிப்புரை எழுதும் முறை

கேள்வி: “எம்.எட். ஆய்வுக்காக, நடுநிலைப் பள்ளிகளில் மாணவரிடையே நடக்கும் துன்புறுத்தலைத் தடுக்கும் திட்டங்கள் பற்றிக் குறிப்புரையுடன் நூற்பட்டியல் தயாரிக்கிறேன். முப்பது கட்டுரைகள் சேர்த்து, ஒவ்வொன்றின் சுருக்கத்தையும் தமிழில் எழுதிவிட்டேன். இது குறிப்புரையே அல்ல என்கிறார் என் வழிகாட்டி. எங்கே தவறு?”

பதில்: கட்டுரையாசிரியர் தம் ஆய்வைப் பற்றிச் சொல்வது சுருக்கம், அந்த ஆய்வு உங்கள் கேள்விக்கு எவ்வளவு தூரம் விடை தருகிறது என்று நீங்கள் சொல்வது குறிப்புரை. உங்கள் தலைப்பில் இந்த வேறுபாடு பெரிதும் முக்கியமாகிறது. ஏனெனில், ‘திட்டம் பயன் தந்தது’ என்று இரண்டு கட்டுரைகள் ஒரே சொற்களில் முடித்தாலும், அவை அளந்தவை வெவ்வேறாக இருக்கக்கூடும்.

டோரத்தி எஸ்பலேஜும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் இல்லினாய், கான்சாஸ் மாநிலங்களில் 36 நடுநிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 3,616 ஆறாம் வகுப்பு மாணவர்களிடம், ‘செகண்ட் ஸ்டெப்’ என்னும் பாடத்திட்டத்தைச் சோதித்த ஆய்வு அது. அதன் சுருக்கத்தைப் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது, உடல்ரீதியான வன்முறையில் ஈடுபட்டதாகச் சொல்லும் வாய்ப்பு 42 விழுக்காடு குறைந்தது என்ற செய்தி. ஆனால் அதே ஆய்வில், வாய்ச்சொல்லாலும் ஒதுக்கிவைப்பதாலும் பிறரைத் துன்புறுத்துவதில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. துன்புறுத்தலுக்கு ஆளாவதிலும் காணப்படவில்லை. எனவே உங்கள் குறிப்புரை ஏறத்தாழ இப்படி அமையலாம்:

“பள்ளிகளைச் சீரற்ற முறையில் பிரித்துச் செய்த சோதனை என்பதால் வடிவமைப்பு வலுவானது. ஓராண்டு முடிவில் கைகலப்பு குறைந்தது. துன்புறுத்தலின் அளவுகள் மாறவில்லை. தரவு முழுவதும் மாணவர்கள் தாமே நிரப்பிய வினாத்தாளிலிருந்து பெறப்பட்டது. ஆறாம் வகுப்பை மட்டுமே காட்டுவதால், எட்டாம் வகுப்புக்கு இதைச் சான்றாகக் கொள்ள இயலாது. வன்முறைத் தடுப்பு என்ற பிரிவில் பயன்படுத்துவேன். துன்புறுத்தல் குறைந்தது என்பதற்கு ஆதாரமாகக் காட்டமாட்டேன்.”

கடைசி இரண்டு வாக்கியங்களுக்காகத்தான் இந்தப் பயிற்சியே தரப்படுகிறது. எந்த வகுப்பு, எது அளக்கப்பட்டது, யார் சொன்ன தரவு என்ற மூன்றும் உங்கள் ஒவ்வொரு குறிப்பிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எலிசபெத் பாலக் குழுவினர் நியூ ஜெர்சியின் 56 நடுநிலைப் பள்ளிகளில் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 30 விழுக்காட்டுக் குறைவு பதிவானது. ஆனால் அது பள்ளியின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேடுகளில் இருந்த மாணவர் மோதல்களின் கணக்கு. அந்த 30-ஐயும் முன்சொன்ன 42-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பிழையாகும்.

அடுத்து, குறிப்புரைகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். பல தனி ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடுவது தொகுப்பாய்வு. மரியா டோஃபியும் டேவிட் ஃபாரிங்டனும் 2011-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, வயது கூடிய மாணவரிடம் திட்டங்கள் கூடுதல் பயன் தருவதாகக் கண்டது. டேவிட் யேகர் குழுவினரின் 2015 தொகுப்பாய்வோ, ஏழாம் வகுப்பு வரை தெரியும் பயன் எட்டாம் வகுப்பு முதல் சராசரியில் பூஜ்யத்துக்கு இறங்குவதாகச் சொல்கிறது. முன்னது, இளையோரிடம் செய்த ஓர் ஆய்வையும் மூத்தோரிடம் செய்த வேறோர் ஆய்வையும் ஒப்பிட்டது. அங்கே வயதோடு திட்டமும் மாறிவிடுகிறது. பின்னது, ஒரே ஆய்வுக்குள் ஒரே திட்டத்தைப் பெற்ற வெவ்வேறு வயதினரை ஒப்பிட்டது. வயதின் விளைவை அறியப் பின்னதே பொருத்தமானது என்பது என் கருத்து. நடுநிலைப் பள்ளி என்ற எல்லைக்குள்ளேயே, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இந்தக் கோடு விழுவதால், உங்கள் பட்டியலின் மையமாக இதையே வைத்துக்கொள்ளலாம்.

தேடும்போதே வகுப்பைக் குறிப்பிட்டுவிடுவது நல்லது. எரிக் என்னும் கல்வி ஆய்வுத் தரவுத்தளத்தில் இப்படித் தொடங்கலாம்:

```
bullying AND prevention AND ("middle school" OR "grade 8")
```

திட்டத்தின் பெயரை மட்டும் நம்பி வடிகட்டாதீர்கள். பின்லாந்தின் ‘கிவா’ திட்டத்தைப் பற்றிப் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் 2011 சோதனை 4 முதல் 6 வரையான வகுப்புகளைப் பற்றியது. 7 முதல் 9 வரையான வகுப்புகளின் முடிவுகள் 2013-இல் வேறொரு கட்டுரையில் வந்தன. உங்களுக்கு முதன்மையாகத் தேவைப்படுவது இரண்டாவது.

உங்கள் முப்பதில் தொகுப்பாய்வுகளைத் தனியே பிரித்து வையுங்கள். தனி ஆய்வு ஒன்றையும் அதை உள்ளடக்கிய தொகுப்பாய்வையும் இரண்டு சான்றுகளாக எண்ணினால், ஒரே தரவை இருமுறை எண்ணியவர் ஆவீர்கள். ஒவ்வொரு தொகுப்பாய்வின் பின்னிணைப்பிலும் சேர்க்கப்பட்ட ஆய்வுகளின் அட்டவணை இருக்கிறதா என்று தேடி, அதில் உங்கள் பட்டியலிலுள்ள தலைப்புகளைக் குறித்துக்கொண்டு, அந்தத் தனி ஆய்வுகளின் குறிப்புரையில் அதை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.